கத்தரின் ரத்து செய்த முப்பத்தொரு ரசீதுகள்

சனிக்கிழமை காலை கத்தரின் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஈப்போவில், குனோங் ராபாட் பகுதியில் இருக்கும் அந்த வீட்டில் இந்த வேலை அவளுடையதுதான். கணவர் கேப்ரியலிடம் விட்டால் தலையோடு பாதி உடம்பும் குப்பைக்குப் போய்விடும்.

பக்கத்தில் கைப்பேசி விட்டுவிட்டு மணியடித்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு நன்கொடை. லகாட் சாலையில் இருக்கும் 'கருணை நிழல்' முதியோர் இல்லத்தில் அவள் எழுத்தர். போன மாதம்தான் இல்லத்துக்கு இணையப் பக்கம் திறந்தார்கள். அதில் பெயர், ஐசி என்னும் அடையாள அட்டையின் எண், கைப்பேசி எண், மின்னஞ்சல், தொகை என்று நிரப்பி, வங்கியைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தினால், அடுத்த நிமிடமே ரசீது கொடுத்தவரின் மின்னஞ்சலுக்குப் போய்விடும். கூடவே வாட்சாப்பில் ஒரு நன்றிச் செய்தி. கத்தரினுக்கு ஓர் அறிவிப்பு மட்டும் வரும்.

கல்லறைத் திருநாள் வாரம் என்பதால் பணம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. சவரிமுத்து, ஐம்பது வெள்ளி. ஆரோக்கியமேரி, நூறு வெள்ளி. கத்தரின் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கிள்ளினாள். அடுத்து வந்த பெயரைப் பார்த்ததும் கை நின்றது.

"ஏங்க, ஞானப்பிரகாசம் அண்ணன் நம்ம இல்லத்துக்கு இருநூறு வெள்ளி குடுத்திருக்காரு."

காப்பி குடித்துக்கொண்டிருந்த கேப்ரியல் நிமிர்ந்தார். "எந்த ஞானப்பிரகாசம்?"

"புந்தோங்கு ஞானப்பிரகாசம்தான். போன வருஷம் நாம சாவுக்குப் போயிட்டு வந்தோமே."

"பரவால்லயே. உயிரோட இருந்தப்ப அஞ்சு வெள்ளி குடுக்க மாட்டாரு."

கத்தரின் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் அந்த ரசீதைத் திறந்தாள். இல்லத்தின் பெயர், வருமான வரி வாரியம் கொடுத்த விலக்கு எண், ரசீதின் வரிசை எண், கொடுத்தவர்: ஞானப்பிரகாசம், அவருடைய ஐசி எண், இருநூறு வெள்ளி. கீழே அவளுடைய கையெழுத்து. இணையப் பக்கத்தைச் செய்துகொடுத்த ஐவன், ஒரு வெள்ளைத் தாளில் போடச் சொல்லிப் படம்பிடித்துக்கொண்ட அதே கையெழுத்து.

நெத்திலி பாதியில் கிடந்தது.

ஐம்பத்து நான்கு வயதில் கத்தரின் பெரிதாக எதையும் சேர்த்துவைக்கவில்லை. சங்காட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தவள். ஆறாம் படிவம் முடித்து, புந்தோங்கில் ஒரு இரும்புச்சாமான் கடையில் இருபத்திரண்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தாள். கடை மூடியபோது முதலாளி அவளுக்கு ஒரு கைக்கடிகாரமும் ஒரு சான்றிதழும் கொடுத்தார். இவள் எழுதிய பில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அதில் எழுதியிருந்தது. கடிகாரம் நின்றுபோய்விட்டது. சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள்.

இல்லத்துக்கு வந்த ஆறு வருடமாக ரசீதுப் புத்தகத்தைத் தன் கையால் எழுதினாள். பணத்தோடு வருபவரிடம் முதலில் கேட்பது, "யார் குடுக்கிறது?" பிறகுதான், "யார் பேரால?" முதல் பெயர் ரசீதில் கொடுத்தவர் என்ற இடத்துக்குப் போகும். இரண்டாவது அடியில் குறிப்பாகப் போகும். பக்கத்தில் உணவுக்கடை வைத்திருக்கும் அப்துல் நாசர், இல்லத்துக்காகத் தன் கல்லாவில் ஒட்டிவைத்திருந்த கியூஆர் வழியாக வரும் பணத்துக்குப் படிவம் ஏதும் கிடையாது. வங்கிப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் வரும். ரசீது வேண்டுமென்றால் அவர்களே செலுத்திய சீட்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். அப்போதும் கத்தரின் கூப்பிட்டு அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுவாள்.

புதிய இணையப் பக்கத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே கட்டம்தான் இருந்தது. பெயர்.

கோயில் முகப்பில் பெயர் என்று கேட்டால் யாருக்கு அர்ச்சனையோ அவர் பெயரைத்தான் சொல்வார்கள். தேவாலயத்தில் பூசைக்கு உறை எழுதினால் செத்தவர் பெயரைத்தான் எழுதுவார்கள். காலம் காலமாக அப்படிப் பழகிய கை, இணையப் பக்கத்திலும் அப்படியே அப்பா பெயரை, அம்மா பெயரை நிரப்பியிருந்தது. அடுத்த கட்டத்தில் ஐசி எண் என்றதும், அலமாரியில் இருக்கும் அப்பாவின் பழைய ஐசியையும் தேடி எடுத்துத் தட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இல்லத்துக்குப் போய் கத்தரின் முதல் வேலையாக இரண்டு பட்டியலை அருகருகே வைத்தாள். ஒன்று, தங்கள் பக்கம் அனுப்பிய ரசீதுகள். இன்னொன்று, நடுவில் இருந்து பணத்தை வாங்கித் தரும் கட்டண நிறுவனத்தின் அறிக்கை. இணையத்தில் கொடுப்பவர்களின் பணம் நேராக இல்லத்துக் கணக்குக்கு வருவதில்லை. அந்த நிறுவனம் ஒரு நாள் பணத்தையெல்லாம் சேர்த்து, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மறு வேலைநாளில் மொத்தமாகப் போடும். அதன் அறிக்கையில்தான் எந்த வங்கிக் கணக்கிலிருந்து, யார் கணக்கிலிருந்து வந்தது என்று இருக்கும்.

நாற்பத்து மூன்று ரசீது. அதில் முப்பத்தொன்றில் ரசீதுப் பெயர் ஒன்று, பணம் வந்த கணக்கின் பெயர் வேறொன்று.

இல்லத்தின் பொருளாளர் ஐவன் பத்து மணிக்கு வந்தான். ஈப்போ டவுனில் கணினிக் கடை வைத்திருப்பவன், முப்பத்தெட்டு வயது, இந்தப் பக்கத்தைச் சம்பளமில்லாமல் செய்துகொடுத்தவன். அதனால் அவனிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"பாத்தேன்க்கா. நேத்தே பாத்துட்டேன். சின்ன விஷயம் லா. நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

"என்ன பண்ணுன?"

"பேரு மாறி வந்த முப்பத்தொண்ணையும் தனியா எடுத்து, 'நீத்தார் நினைவாக'ன்னு அழகா ஒரு லிஸ்ட் அடிச்சு, இப்ப உள்ள வரும்போதே சாப்பாட்டுக் கூடத்துல ஒட்டிட்டேன். நவம்பர் மாசந்தானே, ஜெபம் பண்ணட்டும். குடுத்தவங்களும் சந்தோஷப்படுவாங்க."

"ரெசிட்டு?"

"அது போனது போனதுதான். யாருக்கா பாக்கப் போறா?"

"ஆடிட்டர் பாப்பாரு. மார்ச்சுல வரிவிலக்கு முடியுது, புதுப்பிக்கணும். ஹாசில்ல, வரி வாரியத்துல கேட்டா இந்த ரெசிட்டத்தான் எடுத்துக் காட்டணும். செத்தவங்கல்லாம் நமக்குப் பணம் குடுத்திருக்காங்கன்னு காட்டவா? குடுத்தவங்களும் வரியில கழிக்க முடியாது. அவங்க பேரு அதுல இல்ல."

"அப்போ சிஸ்டத்துல பேரை மட்டும் மாத்திடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"மாத்தாதே." கத்தரின் குரலை உயர்த்தவில்லை. "ஒரு காகிதம் ஏற்கெனவே அவங்க மெயிலுக்குப் போயிருச்சு. நீ இங்க பேரை மாத்துனா, ஒரே நம்பர்ல ரெண்டு ரெசிட்டு இருக்கும். பழசு ரத்துன்னு தெரிய, 'பாத்தால்' முத்திரை போட்டு ஃபைல்ல வைக்கணும். புது நம்பர்ல புது ரெசிட்டு, பணம் வந்த தேதி அப்படியே. எந்த ரெசிட்டுக்குப் பதிலா இதுன்னு கீழ எழுதணும். குடுத்தவங்ககிட்ட அவங்க பேரு, அவங்க ஐசி வாங்கித்தான் செய்யணும்."

"முப்பத்தொரு பேருக்கும் போன் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன். நீ அந்தப் பக்கத்துல ரெண்டு கட்டம் போடு. பணம் குடுப்பவர், யார் பெயரால். இன்னிக்கே."

"நீங்க இருக்கீங்களே, பழைய டீச்சரு மாதிரி..."

"கீழ இருக்கறது உன் கையெழுத்தா, என் கையெழுத்தா?"

ஐவன் பதில் சொல்வதற்குள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

கூடத்தில் பன்னிரண்டு பேர் பட்டியலைச் சுற்றி நின்றார்கள். படிக்கத் தெரிந்தவர் லூர்துசாமி. பழைய ஈய லம்பத்தில், சுரங்கத்தில் வேலை பார்த்தவர், செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்துக் காட்டுபவர். அவர் விரல் பட்டியலின் நடுவில் நின்றிருந்தது. எதிரே இருளாயி, எழுபத்தெட்டு வயது, ஊன்றுகோலை ஈட்டிபோலப் பிடித்தபடி.

"இன்னொரு தடவ படி."

"நீத்தார் நினைவாக. இருபத்திரண்டு. இருளாயி சின்னையா. ஐயாயிரம் வெள்ளி."

"நீத்தார்னா?"

"செத்தவங்க."

"நான் செத்துட்டேனா?"

"லிஸ்டுல அப்படித்தான் இருக்கு. ஐயாயிரம் வெள்ளிக்கு நான்னா செத்துக் காட்டுவேன்" என்றார் லூர்துசாமி.

எல்லோரும் சிரித்தார்கள். இருளாயி சிரிக்கவில்லை. கத்தரினைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா கத்தரின், காலைல ரொட்டி தின்னேனே, அது யாரு?"

கத்தரின் பட்டியலைப் பிய்த்து நான்காக மடித்துப் பையில் வைத்தாள். "தப்பாப் போச்சு பெரியம்மா. நான் சரி பண்ணிடறேன்."

"எவன் சொன்னான் நான் செத்துட்டேன்னு?"

"யாரும் சொல்லல. மிஷினு கலந்திடுச்சு."

ஐவன் அவள் பின்னால் வந்து நின்றான். மாதம் ஒரு முறை வருபவன், இங்கே இருப்பவர்களின் பெயர் அவனுக்குத் தெரியாது. மெதுவாக, "சாரிக்கா" என்றான். பிறகு அன்று மாலையே இரண்டு கட்டத்தையும் போட்டுவிட்டான்.

அந்த வாரம் முழுக்க கத்தரின் போன் பேசினாள். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் பாதிப் பேரை அவள் கூப்பிட்டது போலிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் மதிய உணவு நேரத்தில்தான் எடுப்பார்கள் என்பதால் தன் சாப்பாட்டை இரண்டரைக்குத் தள்ளிவைத்தாள்.

"வணக்கம், கருணை நிழல்லேர்ந்து பேசறேன். நீங்க குடுத்த நன்கொடைக்கு ரொம்ப நன்றி. ரெசிட்டுல ஒரு திருத்தம் இருக்கு."

சிலர் உடனே புரிந்துகொண்டார்கள். சிலர் இது மோசடிக்காரர்களின் அழைப்பு என்று வைத்துவிட்டார்கள். ஐசி எண்ணைக் கேட்டால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? அவர்களிடம், இல்லத்தின் பழைய எண்ணுக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள் என்று செய்தி அனுப்பினாள். முக்கால்வாசிப் பேர் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்குப் பொறுமையாக மறுபடி அனுப்பினாள்.

ஞானப்பிரகாசத்தின் மகள் ட்ரேசிக்குச் சந்தேகம் வந்தது. "ரெசிட்டுல எம்பேரு வந்தா, அப்பாவுக்குப் போய்ச் சேராதாக்கா?"

"போய்ச் சேர்றதெல்லாம் எங்க ஆபீஸ் வழியா போகல ட்ரேசி. ரெசிட்டு மட்டுந்தான் இந்த வழியாப் போகுது. அப்பா பேரு கீழ குறிப்புல இருக்கும்."

"அப்போ சரி. இந்த ரெசிட்ட வரியில கழிக்கலாமா?"

"உங்க பேருல இருந்தாதான் கழிக்கலாம். அதுக்குத்தானே இந்தப் பாடு."

வியாழக்கிழமைக்குள் முப்பது ரசீதுகள் திருந்தின. முப்பது பழைய ரசீதுகளில் பாத்தால் முத்திரை விழுந்தது. முத்திரை குத்திக் குத்தி வலது மணிக்கட்டு வலித்தது. மீதி இருந்தது ஒன்று.

கட்டண நிறுவனத்தின் அறிக்கையில் அந்த ஐயாயிரத்துக்கு நேரே இருந்த பெயர் பத்துமலை சின்னையா. இல்லத்துப் பதிவேட்டில் இருளாயியின் பக்கத்தைத் திறந்தால், சேர்த்தவர் என்ற இடத்தில் அதே பெயர். உறவு: மகன். கடைசியாக வந்து பார்த்த தேதிக்கு நான்கு வருடமாகியிருந்தது. அதில் இருந்த கைப்பேசி எண் வேலை செய்யவில்லை. ரசீதுக்குத் தந்திருந்த எண் வேறு. அதற்கு மூன்று நாளாகக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

வியாழன் மதியம் அவனே கூப்பிட்டான்.

"யாரு, கத்தரின் அக்காவா? நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கேன். நீ எங்கப்பா இருக்கே?"

"ஜொகூர்ல. ஃபேக்டரி லாரி ஓட்டறேன். ரெசிட்டுல என்ன பிரச்சனை? பணம் வரலையா?"

"பணம் வந்துச்சு. கட்டணம் ஒரு வெள்ளி போக வந்துச்சு. ரெசிட்டு முழு ஐயாயிரத்துக்குத்தான். ஆனா அது உங்கம்மா பேருல போட்டிருக்கு. குடுத்தது நீ."

"அம்மா பேருல இருந்தாத்தான் என்ன? அவங்களுக்காகத்தானே குடுத்தேன்."

"அவங்க எங்ககிட்ட இருக்கறவங்க பத்துமலை. எங்க வீட்டுல சாப்பிடறவங்களே எங்களுக்கு ஐயாயிரம் குடுத்தாங்கன்னு நான் ரெசிட்டு வச்சிருந்தா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? இருக்கறவங்க சேமிப்ப நாங்க புடுங்கிக்கிட்டோம்னு சொல்ல மாட்டாங்களா?"

பின்னால் லாரிகளின் இரைச்சல் கேட்டது.

"அப்போ பேரே போடாதீங்க. யாரோ ஒருத்தர்னு போட்டுக்குங்க."

"கூடத்துல ஒட்டற லிஸ்டுல அப்படிப் போடலாம். 'பெயர் வெளியிட விரும்பாதவர்'னு. ரெசிட்டுல முடியாது. ஐயாயிரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எங்க புத்தகத்துல இருக்கணும். ரெசிட்டு உனக்கு மட்டுந்தான் வரும். எங்க காப்பி பீரோவுல பூட்டி இருக்கும். நானும் ஆடிட்டரும் பாப்போம். வேணும்னா ஹாசில்."

"அம்மா?"

"அம்மா பாக்க மாட்டாங்க."

"நான் குடுத்தேன்னு அவங்ககிட்ட சொல்லக் கூடாது. சத்தியமா."

கத்தரின் நாற்காலியில் சாய்ந்தாள். "ஏன்?"

"வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி விட்டுட்டு வந்தேன். ஆறு மாசம்னு சொன்னேன். இப்ப பணம் அனுப்புனேன்னு கேட்டா, பணம் இருந்தா ஏன் வரலன்னு கேப்பாங்க. எங்க வீடு ரெண்டு ரூமு, மாமியாரு இருக்காங்க. நான் என்ன பதில் சொல்ல?"

அவனை வையலாம் என்று தோன்றியது. ஆனால் வைதால் அவன் போனை வைத்துவிடுவான். அப்புறம் ரசீது நிற்கும். முப்பத்தொன்றில் முப்பது சரி செய்து ஒன்றை விட்டால், அவளுடைய கணக்கில் அது முப்பத்தொன்றையும் விட்டது போலத்தான்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "நன்கொடை குடுத்தவங்க விவரத்த அவங்க அனுமதி இல்லாம நாங்க வெளிய சொல்லக் கூடாது. அது சட்டம். ஆனா நீ ஒரு தடவ வந்து பாரு. இத நான் ஆபீஸ்லேர்ந்து சொல்லல."

அவன் ஐசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னான். அவள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். புதிய ரசீது போனது: கொடுத்தவர், பத்துமலை சின்னையா, ஐயாயிரம் வெள்ளி. குறிப்பு, தாயார் இருளாயியின் பெயரால். அடியில் ரத்தான ரசீதின் எண். பழைய ரசீதில் முத்திரையைக் குத்தியபோது கத்தரினுக்கு மணிக்கட்டு வலிக்கவில்லை.

அன்று மாலையே அவள் கூடத்தில் புதிய பட்டியலை ஒட்டினாள். கொடுத்தவர்களிடம் கேட்டு, ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள் மட்டும். கடைசி வரி, பெயர் வெளியிட விரும்பாதவர், ஐயாயிரம் வெள்ளி. லூர்துசாமி சத்தமாகப் படித்தார். இருளாயி தன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கத்தரின் ரத்து ரசீதுகளை வரிசை எண்படி அடுக்கி, புதியவற்றோடு சேர்த்துப் பின் அடித்துக்கொண்டிருந்தாள். கதவை ஊன்றுகோலால் தட்டிவிட்டு இருளாயி உள்ளே வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்தார்.

"என்ன பெரியம்மா?"

"அந்த லூர்துசாமிய நேத்து ராத்திரி பூரா கொடஞ்சிட்டேன். ரெசிட்டு போடணும்னா ஐசி நம்பரு வேணுமாமே?"

"ஆமா."

"அப்போ என் பேருல ரெசிட்டு வந்துச்சுன்னா, எவனோ என் ஐசி நம்பரு தெரிஞ்சவன்தான் போட்டிருக்கான்."

கத்தரின் பின் அடிக்கும் கருவியை மேசையில் வைத்தாள்.

"என் ஐசி காப்பி ரெண்டே எடத்துலதான் இருக்கு. ஒண்ணு உன் பீரோவுல. இன்னொண்ணு, இங்க என்னைச் சேக்கறன்னைக்கு அவன் பர்சுல மடிச்சு வச்சான். நான் பாத்தேன். நீ குடுத்தியா ஐயாயிரம்?"

"எனக்கு எங்க பெரியம்மா அவ்வளவு சம்பளம்?"

"அதான். கித்தா மரத்துல பால் எடுத்தவதான் நான், கணக்குத் தெரியாம இல்ல."

வெளியே யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. கத்தரினின் கைக்குக் கீழே கடைசி ரசீது கிடந்தது. எழுத்து இருளாயிக்குத் தெரியாது. இருந்தாலும் கத்தரின் அதைத் திருப்பி வைத்தாள். இருளாயி அதைக் கவனித்தார்.

"குடுத்தவங்க சொல்லக் கூடாதுன்னா நான் சொல்ல முடியாது" என்றாள் கத்தரின். "யாரா இருந்தாலும். அப்துல் நாசர் அண்ணன் குடுத்திருந்தாலும் இதேதான் சொல்லுவேன்."

"சொல்லாதே. நான் பேரு கேக்கல." இருளாயி ஊன்றுகோலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நட்டு, அதன் தலையில் இரண்டு கையையும் வைத்தார். "அவனுக்குப் புதுக் காகிதம் அனுப்புனியே."

"யாருக்கோ அனுப்புனேன்."

"சரி, யாருக்கோ. பணம் குடுக்கறவன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு குடுத்தானா, நல்லா நடமாடிக்கிட்டு குடுத்தானா? போன்ல பேசுனியே, குரலு எப்படி இருந்துச்சு?"

கத்தரின் வாயைத் திறந்தாள். நன்றாகத்தான் இருக்கிறான், லாரி ஓட்டுகிறான். நாலே வார்த்தை. சொல்லிவிடலாம். சொன்னால் யாரென்று சொன்னதாகிவிடும். சத்தியம் என்று அவன் கேட்டதும், சொல்ல மாட்டேன் என்று தான் சொன்னதும், அதற்குப் பிறகுதான் ஐசி எண்ணின் முதல் இலக்கம் வந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கூரை விசிறி சுற்றியது. மேசைமேல் தாள்களின் ஓரம் எழுந்து எழுந்து படுத்தது.

"அந்தக் காகிதத்துல நான் உசுரோட இருக்கேன்னாச்சும் எழுதியிருக்கியா?"

கத்தரின் திருப்பி வைத்த ரசீதின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். 'தாயார் இருளாயியின் பெயரால்' என்று மட்டும்தான் அதில் இருந்தது.

இருளாயி ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, அறையைவிட்டு வெளியே போனார்.